உறைநிலத்தின் மூச்சு

நுழையும்முன்

வயலும் காடும் பாலையும் நிலத்தின் முகங்கள் என நாம் அறிவோம். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலமும் இவ்வுலகில் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்திருந்த அந்த நிலம் இப்போது இளகத் தொடங்கியிருக்கிறது. இளகும் மண்ணிலிருந்து வெளிவரும் வாயுக்கள் எவை, அவை எப்படி உருவாகின்றன, காலநிலை அறிஞர்கள் அவற்றைக் கண்டு ஏன் கவலை கொள்கின்றனர் என்பதை, சைபீரியாவின் ஏரிகளை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கோலிமா ஆற்றங்கரை

சைபீரியாவின் வடகிழக்கில் கோலிமா என்னும் பேராறு ஆர்க்டிக் பெருங்கடலை நோக்கிப் பாய்கிறது. அதன் கீழ்ப்பகுதியில் செர்ஸ்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே சென்றால், துவான்னி யார் என்னும் இடத்தில் ஆறு அரித்த கரை செங்குத்தாக உயர்ந்து நிற்பதைக் காணலாம். கோடையில் அக்கரையின் முகப்பு வெயில் பட்டு இளகிச் சேறாக வழிகிறது. சேற்றோடு மாமத யானைகளின் எலும்புகளும் வந்து விழுகின்றன. மண்ணை உற்று நோக்கினால் மெல்லிய புல்வேர்கள் தெரிகின்றன. அவை சென்ற ஆண்டு முளைத்த புல்லின் வேர்கள் அல்ல. மாமத யானைகள் மேய்ந்த காலத்துப் புல்லின் வேர்கள்.

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ பூச்சியம் டிகிரி செல்சியசிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தை 'நிலைத்த உறைநிலம்' என்பர். இதைப் பனிக்கட்டி எனக் கருதுவது பிழை. இது மண்ணும் மணலும் பாறையும் கலந்த நிலமே. அவற்றின் இடைவெளிகளில் உள்ள நீர் மட்டும் பனியாக உறைந்திருக்கும். எனவே இந்நிலத்தை 'உருகுகிறது' என்பதைவிட 'இளகுகிறது' என்பதே பொருத்தம். பனிக்கட்டி உருகினால் நீராகும். உறைந்த மண் இளகினால் மண்ணாகவே இருக்கும், ஆனால் அதற்குள் வாழ்க்கை மீண்டும் தொடங்கும். இக்கட்டுரையின் பொருளே அந்த வாழ்க்கைதான்.

உறைநிலத்தின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் ஒவ்வொரு கோடையிலும் இளகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறைகிறது. புல்லும் பாசியும் குறுஞ்செடிகளும் இவ்வடுக்கில்தான் வேர்விட்டு வளர்கின்றன. அதற்குக் கீழே உள்ள மண்ணைக் கோடை தொடுவதில்லை. தொடாமல் இருந்தது என்று இறந்தகாலத்தில் சொல்ல வேண்டிய இடங்கள் இப்போது பெருகி வருகின்றன.

மண்ணுக்குள் கார்பன் புகுந்த வரலாறு

செடி வளரும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துத் தன் உடலாக்கிக்கொள்கிறது. செடி இறந்தபின் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அவ்வுடலைச் சிதைத்து, அதிலிருந்த கார்பனை மீண்டும் காற்றுக்கே திருப்புகின்றன. வெப்பமண்டலக் காட்டில் விழும் இலை சில மாதங்களில் மக்கிவிடும். கடுங்குளிர் நாட்டில் இந்தத் திருப்பிக்கொடுக்கும் வேலை மிக மெதுவாகவே நடக்கிறது. மண் உறைந்துவிட்டால் ஏறக்குறைய நின்றே போகிறது.

கடைசிப் பனியூழிக் காலத்தில் வடகிழக்குச் சைபீரியா குளிர்ந்த, வறண்ட புல்வெளியாக இருந்தது. காற்றும் வெள்ளமும் கொண்டுவந்த நுண்ணிய வண்டல் அப்புல்வெளியின்மீது ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் படிந்தது. தரை மட்டம் மெல்ல உயர்ந்தது. அதற்கு ஏற்ப உறைநிலத்தின் மேல் எல்லையும் உயர்ந்து, முந்தைய ஆண்டுகளின் வேர்களை அவை மக்குவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. பல்லாயிரம் ஆண்டுகள் இவ்வாறே நடந்ததால் பத்துக்கணக்கான மீட்டர் தடிமன் உள்ள மண்படிவு உருவாயிற்று. இதனை 'எடோமா' என்னும் உருசியச் சொல்லால் உலகெங்கும் குறிக்கின்றனர்.

எடோமாவில் மண்ணைவிடப் பனியே மிகுதி என்று சொல்லத்தக்க இடங்கள் பல உண்டு. கடுங்குளிரில் நிலம் சுருங்கி வெடிக்கும். இளவேனிலில் பனிநீர் அவ்வெடிப்பில் இறங்கி உறையும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நிலம் மீண்டும் வெடிக்கும். இப்படி ஆண்டுதோறும் தடித்து, ஆப்பு வடிவில் நிலத்துக்குள் இறங்கி நிற்கும் பனிச்சுவர்களைப் 'பனி ஆப்புகள்' என்பர். இவற்றை நினைவில் கொள்ள வேண்டும். நிலம் இளகும்போது நிகழும் பெரிய மாற்றம் இவற்றிலிருந்தே தொடங்குகிறது.

எடோமாவும் பிற உறைநிலங்களும் சேர்ந்து வடபகுதியில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கோடி டன் கார்பனைத் தம்முள் வைத்திருப்பதாக அறிவியலாளர் கணக்கிட்டுள்ளனர். இன்று புவியின் காற்று மண்டலம் முழுவதிலும் உள்ள கார்பன் ஏறத்தாழ 88,000 கோடி டன். காற்றில் இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேலான கார்பன் இம்மண்ணுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

தெரியுமா?

கோலிமா ஆற்றங்கரையில், தரையிலிருந்து 38 மீட்டர் ஆழத்தில், பழங்கால அணில்கள் விதைகளைச் சேமித்த வளைகள் உறைந்த நிலையில் கிடைத்தன. அங்கிருந்த கனித் திசுவிலிருந்து ஒரு சிறு பூச்செடியை உருசிய அறிவியலாளர்கள் வளர்த்துப் பூக்கச் செய்தனர். 2012-இல் வெளியான அவ்வாய்வின்படி அத்திசுவின் வயது ஏறத்தாழ 32,000 ஆண்டுகள். உறைநிலம் தனக்குள் இருப்பதை எவ்வளவு பழுதின்றிக் காக்கிறது என்பதற்கு இது சான்று.

இரு வழிகள்

இளகிய மண்ணில் நுண்ணுயிரிகள் விழித்து, தம்முன் உள்ள பழைய வேர்களையும் தழைகளையும் உண்ணத் தொடங்குகின்றன. அவை எந்த வாயுவை வெளியிடும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரே ஒரு காரணி: நீர்.

மண் வடிந்து காற்றோட்டமாக இருந்தால் அங்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நுண்ணுயிரிகள் கார்பனை விரைவாகச் சிதைத்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியிடும். மண் நீரில் மூழ்கிக் கிடந்தால் ஆக்சிஜன் உட்புகாது. அங்கு வேலை மெதுவாகவும் பல கைகள் மாறியும் நடக்கிறது. ஒருவகை நுண்ணுயிரிகள் பெரிய மூலக்கூறுகளை உடைத்து அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன் போன்றவற்றைத் தருகின்றன. அவற்றை வேறொரு குழு எடுத்துக்கொண்டு மீத்தேனை உருவாக்குகிறது. நம் ஊர்ச் சாண எரிவாயுக் கலனிலும், நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றிலும் நடப்பது இதே வேலைதான். வயற்சேற்றில் கால் வைக்கும்போது எழும் குமிழிகளில் மீத்தேன் உண்டு.

இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 12 கிலோ கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக மாறினால் 44 கிலோ வாயு கிடைக்கும். அதே கார்பன் முழுவதும் மீத்தேனாக மாறினால் கிடைப்பது 16 கிலோ மட்டுமே. ஆயினும் நூறாண்டுக் காலக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராகப் புவியை வெப்பப்படுத்துகிறது. 16-ஐ 28-ஆல் பெருக்கினால் 448. ஆகவே ஒரே அளவு கார்பன், மீத்தேனாக வெளிவந்தால், கார்பன் டை ஆக்சைடாக வெளிவருவதைப்போலப் பத்து மடங்கு வெப்பமூட்டும்.

இந்தக் கணக்கை அப்படியே நிலத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. நீர் தேங்கிய மண்ணில் வெளிவருவது முழுவதும் மீத்தேன் அன்று. பெருமளவு கார்பன் டை ஆக்சைடும் அதனுடன் வரும். மேலும் அங்குச் சிதைவு மெதுவாக நடப்பதால் மொத்தக் கார்பன் வெளியேற்றமும் குறைவு. உறைநில மண்ணை ஆய்வகத்தில் இளகவைத்துப் பார்த்த பல சோதனைகளைத் தொகுத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, காற்றுள்ள மண் மூன்று மடங்குக்கும் மேலாகக் கார்பனை இழக்கிறது என்றது. மீத்தேனின் வலிமையைச் சேர்த்துப் பார்த்தாலும் வறண்ட மண்ணே கூடுதல் வெப்பமூட்டும் என்று அவ்வாய்வு முடிவு கூறியது.

இரண்டு ஆண்டுகளில் இம்முடிவுக்கு ஒரு மறுப்பு வந்தது. லேனா ஆற்றுக் கழிமுகப் பகுதியிலிருந்து எடுத்த உறைநில மண்ணை ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஓரிரு மாதங்கள் அன்றி, ஏழு ஆண்டுகள் இடைவிடாமல் கவனித்தனர். தொடக்கத்தில் நீர் சூழ்ந்த பல மண் மாதிரிகளிலிருந்து மீத்தேன் ஏறக்குறைய வரவேயில்லை. ஆண்டுகள் கழிந்தபின் அதே மாதிரிகள் மீத்தேனை வெளியிடத் தொடங்கின. மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிரிகள் நெடுங்காலம் உறைந்திருந்த மண்ணில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. அவை பெருகி நிலைபெறுவதற்குக் காலம் தேவைப்பட்டது. அவை நிலைபெற்றபின், நீர் தேங்கிய மண்ணின் வெப்பமூட்டும் ஆற்றல் வறண்ட மண்ணினதைப்போல ஏறத்தாழ இருமடங்காகலாம் என்று அவர்கள் 2018-இல் கணித்தனர். முந்தைய சோதனைகள் தவறாகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றுள் பல, மெதுவான உயிரிகள் விழிப்பதற்கு முன்பே முடிந்துவிட்டன.

ஏரி பிறக்கும் விதம்

மண் இளகுவதில் இருவகை உண்டு. காற்றின் வெப்பம் மேலிருந்து மெல்லக் கீழிறங்கி, கோடை அடுக்கைச் சிறிது சிறிதாக ஆழப்படுத்துவது ஒருவகை. இது பத்தாண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்னும் அளவில் நிகழும். பனி ஆப்புகள் உருகி நிலமே சரிந்து தாழ்வது மற்றொரு வகை. இது விரைவானது; ஆழமாகச் செல்லக் கூடியது.

பனி ஆப்பு உருகினால் அது தாங்கி நின்ற தரை அமிழ்கிறது. தாழ்ந்த இடத்தில் நீர் தேங்குகிறது. நீர் கோடை வெயிலைச் சேமித்து அடியிலுள்ள நிலத்தை மேலும் வெப்பப்படுத்துகிறது. குட்டை ஆழமாகிறது, கரை இடிந்து விழுகிறது, குட்டை ஏரியாகிறது. இத்தகைய ஏரியைத் 'தெர்மோகார்ஸ்ட் ஏரி' என அழைப்பர். ஏரியின் ஆழம் ஏறத்தாழ இரண்டு மீட்டரைக் கடந்துவிட்டால் ஒரு திருப்புமுனை ஏற்படுகிறது. குளிர்காலப் பனிப்படலம் ஏரியின் அடிவரை எட்டாது. மேலே கடும் உறைபனி நிலவும் நாளிலும் ஏரியின் அடிமண் உறையாமலே இருக்கும். அதன்பின் கோடை, குளிர் என்னும் வேறுபாடின்றி அந்த மண்ணில் சிதைவு ஆண்டு முழுவதும் நடக்கிறது. உறையாத அம்மண் ஒரு கிண்ணம்போல ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே போகிறது. ஆக்சிஜன் இல்லாத நீரடி மண் என்பதால் அங்கு உருவாவதில் மீத்தேனுக்குப் பெரும் பங்கு உண்டு.

குமிழிகளை எண்ணியவர்கள்

செர்ஸ்கியில் உள்ள அறிவியல் நிலையத்தை நடத்திவந்த செர்கே சிமோவ் என்னும் உருசிய அறிவியலாளர், இவ்வேரிகள் பனியூழிக் காலக் கார்பனை மீத்தேனாக வெளியிடுகின்றன என்று 1990-களிலேயே எழுதினார். எவ்வளவு வெளியிடுகின்றன என்பதை அளப்பது கடினமாக இருந்தது. ஏரிநீரில் கரைந்த மீத்தேனை அளந்தவர்களுக்குக் குறைந்த அளவே கிடைத்தது. காரணம் எளிது. மீத்தேனின் பெரும்பகுதி நீரில் கரைந்து வருவதில்லை, குமிழிகளாக எழுகிறது. குமிழிகளோ ஏரி முழுவதும் சீராக எழுவதில்லை. ஓரிடத்தில் பொங்கும், இரண்டடி தள்ளி ஒன்றும் இராது. நடு ஏரியில் நான்கு இடங்களில் கருவி வைத்து அளந்தால் உண்மை தப்பிவிடும்.

அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட்டி வால்ட்டர் ஒரு வழி கண்டார். குளிர்காலத் தொடக்கத்தில் ஏரியின்மேல் கண்ணாடிபோல் மெல்லிய பனிப்படலம் உருவாகும். அப்போது அடியிலிருந்து எழும் குமிழிகள் பனியில் அகப்பட்டு வெண்மையான வட்டங்களாக உறைந்துவிடும். பனி தடிக்கத் தடிக்க, ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளித் தட்டுகள் அடுக்கியதுபோலக் காட்சி தரும். குமிழி ஊற்றுகள் எங்குள்ளன என்பதை ஏரியே வரைந்து காட்டிவிடுகிறது. மிக வலிய ஊற்றுகள் உள்ள இடத்தில், கடுங்குளிரிலும் பனி மூடாமல் துளை திறந்தே இருக்கும். ஆய்வாளர்கள் பனியின்மேல் நடந்து ஊற்றுகளைக் குறித்துக்கொண்டு, அவ்விடங்களில் நீருக்கடியில் குடையைக் கவிழ்த்ததுபோன்ற பொறிகளை அமைத்து, எழும் வாயுவை நாள்தோறும் அளந்தனர். வெண்வட்டத்தைத் துளைத்து நெருப்புக் காட்டினால் வாயு குப்பென்று எரியும். மீத்தேன் என்பதற்கு இதுவே முதற்சான்று.

2006-இல் வெளியான அவர்களுடைய முடிவுகள், ஏரிகளின் மீத்தேனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குமிழிகளாகவே வெளியேறுகிறது என்று காட்டின. இது வெறும் அளவைச் செய்தி அன்று. நீரில் மெல்லக் கரைந்து மேலேறும் மீத்தேனை, வழியில் உள்ள வேறு நுண்ணுயிரிகள் ஆக்சிஜனின் துணையால் உண்டு கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். குமிழியோ சில நொடிகளில் நீரைக் கடந்து காற்றில் கலந்துவிடுகிறது; உண்பதற்கு அவகாசம் தருவதில்லை. ஏரியின் நடுப்பகுதியைவிட, நிலம் அண்மையில் சரிந்து விழுந்த கரையோரத்தில்தான் ஊற்றுகள் மிகுதி என்பதும் தெரியவந்தது. புதிதாக இளகிய மண்ணே மிகுதியான வாயுவைத் தருகிறது.

கார்பனின் வயது

ஏரியில் மீத்தேன் உருவாவது புதுமை அன்று. சென்ற ஆண்டின் பாசி மக்கினாலும் அது வரும். அதனால் பெரிய கேடில்லை. காற்றிலிருந்து சென்ற ஆண்டு எடுத்த கார்பன் இந்த ஆண்டு காற்றுக்குத் திரும்புகிறது, அவ்வளவே. கவலைக்குரியது, இன்றைய சுழற்சியில் இல்லாத பழங்கார்பன் புதிதாகக் காற்றில் சேர்வது. இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

காற்றிலுள்ள கார்பனில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்னும் கதிரியக்க வகையாகும். உயிருள்ள செடியில் இது காற்றிலுள்ள அதே விகிதத்தில் இருக்கும். செடி இறந்தபின் புதிதாகச் சேர்வதில்லை; இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். செர்ஸ்கி அருகிலுள்ள ஏரிகளின் வலிய ஊற்றுகளிலிருந்து பிடித்த மீத்தேனை இவ்வாறு சோதித்தபோது, அதன் வயது ஏறத்தாழ 35,000 முதல் 43,000 ஆண்டுகள் எனத் தெரிந்தது. 40,000 ஆண்டுகளில் கார்பன்-14 ஏழு முறை பாதியாகிவிடும். தொடக்கத்தில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சாது. பனியூழிக் காலப் புல் தன் உடலாக்கிக்கொண்ட கார்பன், இன்று குமிழியாக மேலே வருகிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

வளரும் செடி ஈடு செய்யுமா?

நிலம் வெப்பமானால் செடிகளும் நன்கு வளருமே, அவை கூடுதல் கார்பனை உறிஞ்சாவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை தந்தது அலாஸ்காவில் ஹீலி என்னும் ஊருக்கு அருகே நடந்த ஆய்வு. அங்குள்ள எய்ட் மைல் ஏரிப் பகுதியில், அண்மைக்காலம்வரை அதிகம் இளகாத நிலம், ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளாக இளகிவரும் நிலம், பல பத்தாண்டுகளாக இளகிய நிலம் ஆகிய மூன்றும் அருகருகே இருந்தன. எட்வர்ட் ஷூர் தலைமையிலான குழுவினர் மூன்றிலும் கார்பனின் வரவையும் செலவையும் அளந்தனர்.

பதினைந்து ஆண்டுகள் இளகிய நிலத்தில் வரவே மிகுதியாக இருந்தது. செடிகள் தழைத்து, மண் இழந்ததைவிடக் கூடுதலாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டன. பல பத்தாண்டுகள் இளகிய நிலத்தில் கணக்கு தலைகீழாயிற்று. அங்கும் செடிகள் நன்றாகவே வளர்ந்திருந்தன. ஆனால் இளகல் ஆழமாகச் சென்றதால் வெளிவந்த பழங்கார்பன், செடிகளால் ஈடு செய்ய இயலாத அளவைத் தாண்டிவிட்டது. 2009-இல் வெளியான இம்முடிவிலிருந்து ஒன்று விளங்குகிறது: தொடக்க ஆண்டுகளில் மட்டும் அளந்துவிட்டு, உறைநிலம் கார்பனை உறிஞ்சுகிறது என்று நிம்மதி கொள்வது ஏமாற்றத்தில் முடியலாம்.

கவலையின் அளவு

இக்கார்பன் முழுவதும் ஒரே நாளில் வெடித்து வெளியேறும் என்று சில செய்திகள் அச்சுறுத்துகின்றன. 'மீத்தேன் வெடிகுண்டு' என்னும் தொடரும் அவ்வப்போது அடிபடுகிறது. உறைநிலத்தை அளந்து ஆராய்வோர் பெரும்பாலும் இத்தொடரை விரும்புவதில்லை. அவர்கள் சொல்வதே சரியெனத் தோன்றுகிறது. மண் இளகுவதற்கும் நுண்ணுயிரிகள் உண்பதற்கும் காலம் வேண்டும். வடசைபீரிய ஏரிகள் ஆண்டுக்கு 38 இலட்சம் டன் மீத்தேனை வெளியிடுவதாக 2006-ஆம் ஆண்டு ஆய்வு கணித்தது. உலகெங்கும் வயல், கால்நடை, சதுப்புநிலம், எரிவாயுக் கிணறு என எல்லாவற்றிலிருந்தும் ஓர் ஆண்டில் வெளிவரும் மீத்தேனில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே.

அப்படியானால் கவலை எதற்கு? உறைநிலத்தின் இயல்பில் அதற்கான காரணம் இருக்கிறது. புவி வெப்பமானால் நிலம் இளகும். இளகினால் வாயு வெளிவரும். வாயு புவியை மேலும் வெப்பமாக்கும். தொழிற்சாலையின் புகையைக் குறைக்க மனிதரால் முடியும். பல இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த நிலத்தின் அடியில் நடக்கும் சிதைவை நிறுத்த எந்தக் கருவியும் இல்லை. அந்நிலம் வெப்பமாகிவருவது ஊகம் அன்று. உலகின் பல உறைநிலப் பகுதிகளில் ஆழ்துளைகள் இட்டு, பருவ மாற்றம் எட்டாத ஆழத்தில் வெப்பத்தை அளந்துவருகின்றனர். 2007 முதல் 2016 வரையிலான பத்தாண்டில் மட்டும் உறைநிலத்தின் வெப்பம் சராசரியாக ஏறத்தாழ 0.3 டிகிரி உயர்ந்துள்ளது.

அளவைப் பொறுத்தவரை, ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2021-இல் ஒரு மதிப்பீட்டைத் தந்தது. புவியின் சராசரி வெப்பம் ஒவ்வொரு டிகிரி உயரும்போதும், 2100-க்குள் உறைநிலத்திலிருந்து ஏறத்தாழ 1,800 கோடி டன் கார்பன், கார்பன் டை ஆக்சைடாக வெளிவரலாம் என்பது அது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் எரிவதால் மனிதர் இன்று ஆண்டுதோறும் வெளியிடும் கார்பன் ஏறத்தாழ 1,000 கோடி டன். அதனோடு ஒப்பிட்டால் இது சிறிதாகவே தோன்றும். ஆனால் வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த, பாதிக்குப் பாதி வாய்ப்பேனும் வேண்டுமெனில், 2020-க்குப்பின் மனிதகுலம் மொத்தமாக வெளியிடத்தக்கது 50,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே என்று அதே குழு கணக்கிட்டது. மேற்சொன்ன 1,800 கோடி டன் கார்பன், 6,600 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஏற்கெனவே குறுகிய வரம்பில், எவரும் எரிக்காத எரிபொருளுக்காக இவ்வளவு இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

இம்மதிப்பீட்டின் உறுதியின்மையும் கருதத்தக்கது. 1,800 கோடி என்பது நடுமதிப்பு. உண்மை 300 கோடியாகவும் இருக்கலாம். 4,100 கோடியாகவும் இருக்கலாம் என்று அக்குழுவே கூறுகிறது. இந்த இடைவெளிக்கு ஒரு காரணத்தை நாம் முன்பே கண்டோம். கணினி மாதிரிகள் பெரும்பாலும் மேலிருந்து மெல்ல இறங்கும் இளகலையே கணக்கில் கொள்கின்றன. பனி ஆப்பு உருகி, நிலம் சரிந்து, ஏரி பிறக்கும் விரைவான இளகல் அவற்றில் முழுமையாக இடம்பெறவில்லை. அது உறைநிலப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் நிகழக் கூடும். எனினும் கார்பன் செறிந்த மண்ணும் பனி செறிந்த மண்ணும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அந்தச் சிறு பரப்பு தன் அளவுக்கு மீறிய விளைவைத் தரும்.

ஏரிகள் நிலையானவை அல்ல. கரை அரிந்து ஒரு நாள் ஏரிநீர் ஆற்றில் வடிந்துவிடும். வடிந்த படுகையில் புல் முளைக்கும். சைபீரியாவின் சகா மக்கள் இத்தகைய புல்நிலத்தை 'அலாஸ்' என அழைத்து, குதிரைகளையும் மாடுகளையும் மேய்த்து, குளிர்காலத்துக்கு வைக்கோல் அறுத்துவந்துள்ளனர். படுகையின் பாசியும் சேறும் மீண்டும் கார்பனைச் சேமிக்கின்றன; அடியில் மண் மீண்டும் உறைகிறது. பனியூழி முடிந்தபோது பிறந்த ஏரிகளின் படிவுகளை ஆராய்ந்த வால்ட்டர் குழுவினர், அவை முதலில் கார்பனை வெளியிட்டு, பின்னர் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மொத்தத்தில் அதனை உறிஞ்சுபவையாக மாறின என 2014-இல் காட்டினர். இளகிய நிலம் இழந்ததைத் திரும்பச் சேர்க்கிறது என்பது உண்மையே. அந்த மாற்றத்துக்கு அன்று சில ஆயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன.